ஆனோடை ‘நேர்மின்வாய்’ ஆக்கினால் குழாய் ஓட்டையாகும்

“புதைகுழாய்களுக்கும் எரிபொருள் தொட்டிகளுக்குமான துருத்தடுப்பு, கேத்தோடிக் பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் மொழிபெயர்க்கிறேன். படிக்கப்போவது களத்தில் வேலை பார்க்கும் டெக்னீஷியன்கள். ஆனோடு, கேத்தோடுக்குப் பள்ளிப் புத்தகத்தில் இருக்கும் நேர்மின்வாய், எதிர்மின்வாய் போதும்தானே? வேறு எந்தச் சொற்களில் கவனமாக இருக்க வேண்டும்?”

போதாது. மற்ற சொற்களைச் சுமாராகப் பெயர்த்தாலும் படிப்பவர் தட்டுத்தடுமாறிப் புரிந்துகொள்வார். இந்த இரண்டையும் பள்ளிப் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்தால் ஆபத்து. பல வருஷம் சி.பி. என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் கேத்தோடிக் பாதுகாப்பு வேலையில் டெஸ்ட் பாயிண்ட் டெஸ்ட் பாயிண்டாக மீட்டரோடு அலைந்துவிட்டு, பிறகு இதே மாதிரி ஒரு கையேட்டைத் தமிழாக்கும் வேலையில் உட்கார்ந்தவன் நான். அங்கே நாங்கள் செய்த தப்பையே முதலில் சொல்கிறேன்.

பள்ளியில் மின்னாற்பகுப்புப் பாடத்தில்தான் இந்தச் சொற்கள் அறிமுகமாகின்றன. அங்கே பேட்டரியின் பிளஸ் முனையில் இணைத்த தகடு ஆனோடு. ஆகவே நேர்மின்வாய் என்ற பெயர் அங்கே பொருந்தும். ஆனால் உங்கள் கையேட்டின் முதல் அத்தியாயம் துரு எப்படிப் பிடிக்கிறது என்பதாகத்தான் இருக்கும். அங்கே வெளியிலிருந்து வரும் பேட்டரி கிடையாது. இரும்பும் ஈர மண்ணும் சேர்ந்து தானே ஒரு மின்கலம் ஆகிவிடுகின்றன. தானே மின்சாரம் தரும் கலத்தில் ஆனோடுதான் மைனஸ் முனை. குழாய்க்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்று புதைக்கும் மெக்னீசியக் கட்டியை மண்ணில் வைத்து, மயில்துத்தக் கரைசல் நிரப்பிய காப்பர் சல்பேட் ஹாஃப் செல்லை எதிரே வைத்து அளந்தால் மைனஸ் 1.55 வோல்ட் அளவில் காட்டும். பக்கத்தில் கிடக்கும் இரும்புக் குழாய் மைனஸ் 0.5, 0.6 என்று காட்டும். இரண்டில் மெக்னீசியமே அதிக மைனஸ். அதை நேர்மின்வாய் என்று புத்தகம் சொன்னால், கையில் மீட்டர் வைத்திருப்பவர் புத்தகத்தை நம்புவாரா, மீட்டரை நம்புவாரா?

நாலு அத்தியாயம் தள்ளி, ஏசி மின்சாரத்தை டிசியாக்கிக் கொடுக்கும் ரெக்டிஃபையர் வருகிறது. அங்கே மண்ணில் கூட்டமாகப் புதைத்த ஆனோடுகளை, அதாவது ஆனோடுப் படுக்கையை, ரெக்டிஃபையரின் பிளஸ் முனையில்தான் இணைக்க வேண்டும். அந்த இடத்தில் நேர்மின்வாய் என்ற சொல் சரியாகவே உட்காருகிறது. ஆக, புத்தகத்தின் ஒரு பாதியில் பொய்யாகவும் மறுபாதியில் மெய்யாகவும் இருக்கிற ஒரு சொல்லைப் படிப்பவர் கையில் கொடுக்கிறோம். எல்லா இடத்திலும் பொய்யாக இருந்தால்கூட ஒருமுறை விளக்கிவிட்டுப் போய்விடலாம்.

நாங்கள் செய்தது இதுதான். முதல் அத்தியாயத்தின் அட்டவணையில் மெக்னீசியம், துத்தநாகம் இரண்டுக்கும் எதிரே ‘நேர்மின்வாய் (−)’ என்று போட்டோம். குழப்பம் தெரிந்ததால் அடைப்புக்குறிக்குள் மைனஸும் போட்டுச் சமாளித்துவிட்டதாக நினைத்தோம். அந்த வரைவின் நகல் ஒரு தொழிற்சாலைக்குப் போயிற்று. அங்கே தீயணைப்புத் தண்ணீருக்காகப் புதைத்த குழாய்க்குப் புதிதாக ரெக்டிஃபையர் வைத்துக்கொண்டிருந்தார்கள். கேபிளுக்கு டேக் கட்டிய பையன் நல்ல பொறுப்பானவன். அட்டவணையைப் பார்த்து, ஆனோடுப் படுக்கையிலிருந்து வந்த கேபிளில் ‘நேர்மின்வாய் (−)’ என்று எழுதிக் கட்டினான். மறுநாள் வந்த எலெக்ட்ரீஷியன் அடைப்புக்குறிக்குள் இருந்ததைப் பார்த்து மைனஸ் முனையில் முடுக்கினார். மிச்சமிருந்த பிளஸில் குழாய்க் கேபிள். சுவிட்சைப் போட்டதும் 4 ஆம்பியர் ஓடியது. எல்லோருக்கும் திருப்தி.

இப்படி மாற்றிக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டிய குழாயே ஆனோடு ஆகிவிடும். ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு வருஷம் முழுக்க இரும்பை விட்டு மண்ணுக்குள் இறங்கினால் சுமார் 9 கிலோ இரும்பு கரையும். ஃபாரடே விதிப்படி யார் கணக்குப் போட்டாலும் வருகிற அளவு இது. 4 ஆம்பியர், மூன்று மாதம் என்றால் அதே 9 கிலோ. கிலோமீட்டர் கணக்கில் போகிற குழாய்க்கு 9 கிலோ என்ன பெரிசு என்று தோன்றும். ஆனால் கோட்டிங் போட்ட குழாயில் அது பரவலாகக் கரையாது. கோட்டிங்கில் எங்கெங்கே சிறு பழுது இருக்கிறதோ அங்கே மட்டும்தான் மின்னோட்டம் வெளியேறும். 6.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள சுவரில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குத் துளை விழ, கரைய வேண்டிய இரும்பு 4 கிராம். 9 கிலோவை 4 கிராமால் வகுத்துப் பாருங்கள். இரண்டாயிரத்துக்கு மேல் வருகிறது. நல்லவேளையாக எல்லாத் துளையும் ஒரே சீராகக் கரையவில்லை; மண் அதிக ஈரமாக இருந்த இரண்டு இடத்தில் மட்டும் தண்ணீர் கசிந்து, விஷயம் வெளியே தெரிந்தது.

அதனால் என் பதில், ஆனோடு, கேத்தோடு என்றே தமிழெழுத்தில் எழுதுங்கள். இலங்கைப் பாடநூல்களில் அனோட்டு, கதோட்டு என்றுதான் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. முதல்முறை வரும்போது ஒரு வாக்கியத்தில் பொருள் சொல்லிவிடுங்கள். “மின்னோட்டம் உலோகத்தை விட்டு மண்ணுக்குள் இறங்கும் இடம் ஆனோடு, மண்ணிலிருந்து உலோகத்துக்குள் ஏறும் இடம் கேத்தோடு. இரும்பு ஆனோடாக இருந்தால் கரையும், கேத்தோடாக இருந்தால் கரையாது.” மெக்னீசியத்துக்கும் ரெக்டிஃபையருக்கும் இந்த வாக்கியம் ஒன்றுபோலப் பொருந்தும். ‘கரையும் முனை’ என்று பெயர் வைக்க எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் ரெக்டிஃபையரோடு இப்போது அதிகம் போடுகிற கலப்பு ஆக்சைடு பூசிய டைட்டானியம் ஆனோடு கரைவதில்லை என்றே சொல்லலாம், ஆசையை விட்டுவிட்டேன்.

ஃபாரடே 1834-ல் இந்தப் பெயர்களைப் போட்டபோதே பிளஸ், மைனஸை ஒதுக்கிவைத்துவிட்டு, மின்னோட்டம் போகும் வழியை மட்டும் வைத்தார். வில்லியம் ஹ்யூவெல் என்ற அறிஞரிடம் கேட்டுக் கிரேக்கச் சொற்களை எடுத்தார். மின்னோட்டத்தைக் கிழக்கிலிருந்து மேற்கே போகும் சூரியனாகப் பாவித்து, எழும் பக்கம் ஆனோடு, சாயும் பக்கம் கேத்தோடு. அவர் கவனமாகத் தவிர்த்த குறியைத் தமிழில் நாம்தான் ஒட்டவைத்திருக்கிறோம்.

தொழிற்சாலைக் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது. மூன்று மாதம் எப்படி யாருக்கும் தெரியாமல் போயிற்று? சுவிட்ச் போடுவதற்கு முன் குழாயின் இயல்பு ரீடிங் மைனஸ் 560 மில்லிவோல்ட். போட்ட பிறகு மைனஸ் 210. பதிவேட்டில் நாங்கள் தமிழாக்கிக் கொடுத்த குறிப்பு, “ரெக்டிஃபையரை இயக்கியதும் மின்னழுத்தம் உயர வேண்டும்” என்று இருந்தது. கணக்கு தெரிந்தவர் கண்ணுக்கு மைனஸ் 210 என்பது மைனஸ் 560-ஐ விட உயர்ந்த எண்தானே? டிக் போட்டுவிட்டார். அவர் பேரில் ஒரு தப்பும் இல்லை.

இந்தத் துறையின் ஆங்கில நூல்களில் அதிகம், குறைவு, குறைந்தபட்சம் எல்லாம் மைனஸ் குறியைக் கழற்றிவைத்துவிட்டுப் பேசுகிற பேச்சு. பழகினவர்களுக்குள் அது செல்லும். தமிழில் “குறைந்தபட்சம் −850” என்று எழுதினால் மைனஸ் 700 தேறிவிடும், மைனஸ் 1000 தேறாது. அசல் சொல்வதற்கு நேர் எதிர். நான் இப்போது உயரும், குறையும் என்ற வினைகளையே இந்த ரீடிங்குக்குப் பயன்படுத்துவதில்லை. பூஜ்யத்தை விட்டு விலகுகிறது, பூஜ்யத்தை நோக்கி வருகிறது, இந்த இரண்டுதான். “சுவிட்ச் போட்டதும் அருகிலுள்ள டெஸ்ட் பாயிண்டில் ரீடிங் பாருங்கள். மைனஸ் 560 இருந்தது மைனஸ் 700, மைனஸ் 800 என்று பூஜ்யத்தை விட்டு விலக வேண்டும். பூஜ்யத்தை நோக்கி வந்தால் உடனே அணையுங்கள், கேபிள் மாறியிருக்கிறது.” இந்த நாலு வரி அசலில் இருக்காது. மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று போட்டாவது சேர்த்துவிடுங்கள்.

அதற்கு மீட்டரின் வயர் எப்படி இணைந்திருக்கிறது என்பதும் நிச்சயமாக வேண்டும். குழாயின் வயர் சிவப்பு முனையிலும் ஹாஃப் செல் கறுப்பு முனையிலும் இருந்தால்தான் ரீடிங் மைனஸில் வரும். சில பழைய கையேடுகளில் படம் மாற்றிப் போட்டிருக்கும்; அவற்றில் அதே அளவு பிளஸ் 850 என்று வரும். உங்கள் அசலில் எந்த வழக்கம் என்று முதலில் பார்த்து, புத்தகம் முழுக்க ஒரே வழக்கமாக்குங்கள். பாதிப் படம் ஒரு வழக்கம், பாதி வாக்கியம் இன்னொரு வழக்கம் என்று இருக்கிற அசலையும் பார்த்திருக்கிறேன்.

850 என்ற எண்ணைச் சுற்றி இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும். 1928-ல் நியூ ஆர்லியன்ஸில் எரிவாயுக் குழாய்களில் வேலை செய்த ராபர்ட் கூன் காலத்திலிருந்து வருகிற எண் அது. காப்பர் சல்பேட் ஹாஃப் செல்லோடு ஒப்பிட்டு மைனஸ் 850 மில்லிவோல்ட்டிலோ அதைவிட மைனஸ் பக்கமோ குழாய் இருந்தால் பாதுகாப்பு கிடைக்கிறது என்று கொள்வார்கள். எந்த ரீடிங்கை 850-ஓடு ஒப்பிடுவது என்பதில்தான் மொழிபெயர்ப்பு சறுக்கும். ரெக்டிஃபையர் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் ரீடிங்கில் மண்ணின் மின்தடையால் வரும் வோல்ட்டும் கலந்திருக்கும். குழாயின் உண்மை நிலை தெரிய வேண்டுமானால் மின்னோட்டத்தை ஒரு கணம் நிறுத்தி, நிறுத்திய மறுநொடிக்குள் படிக்க வேண்டும். இதை ‘உடனடி அணைப்பு’ என்று ஒரு வரைவில் பார்த்தேன். டெக்னீஷியன் காதில் அது ‘அவசர நிறுத்தம்’ என்று விழுகிறது. சிவப்பு பட்டனைத் தேடுகிறார். ‘அணைத்த கணத்து ரீடிங்’ என்று எழுதினால் போதும். ‘ஓடும்போது ரீடிங்’ அதற்கு ஜோடி.

ஒரு டெஸ்ட் பாயிண்டை வைத்துப் பார்ப்போம். ஓடும்போது மைனஸ் 980. பார்த்தால் தேறியது போல இருக்கிறது. அணைத்த கணத்தில் மைனஸ் 790. நடுவில் காணாமல்போன 190 மில்லிவோல்ட் மண்ணில் விழுந்த பங்கு, குழாய்க்கு அதனால் லாபமில்லை. ஆக 850 அளவுகோலில் இந்த இடம் தேறவில்லை. ஆனால் ரெக்டிஃபையரை அணைத்தபடியே ஒரு நாள் விட்டுப் பார்த்தால் ரீடிங் மெல்லப் பூஜ்யத்தை நோக்கி நகர்ந்து மைனஸ் 640-ல் நிற்கிறது. 790-க்கும் 640-க்கும் வித்தியாசம் 150. இதை அளக்க இரண்டாவது அளவுகோல் இருக்கிறது. இந்த நகர்வு 100 மில்லிவோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால் பாதுகாப்பு போதுமானது. அந்த முறையில் இதே இடம் தேறுகிறது. மொழிபெயர்ப்பில் கவனிக்க வேண்டியது, 100-ஐ எண்ணத் தொடங்கும் இடம். அணைத்த கணத்து ரீடிங்கிலிருந்துதான் எண்ண வேண்டும், ஓடும்போது எடுத்த 980-லிருந்து அல்ல. ஆங்கிலத்தில் இது ஒரு துணைவாக்கியத்தின் வாலில் தொங்கும். தமிழில் தனி வாக்கியமாக்கி முன்னால் கொண்டுவாருங்கள்.

மைனஸ் பக்கம் எவ்வளவு போனாலும் நல்லது என்று படிப்பவர் முடிவுகட்டிவிடக்கூடாது. அணைத்த கணத்து ரீடிங் மைனஸ் 1200-ஐத் தாண்டிப் போனால் குழாயின் மேல் ஹைட்ரஜன் உருவாகி, கோட்டிங் உரிந்து எழும்பத் தொடங்கும். இதையும் ‘அதிகபட்சம்’ என்று எழுதாமல் ‘மைனஸ் 1200-க்கு அப்பால் போக விடாதீர்கள்’ என்று எழுதலாம்.

தொட்டி அத்தியாயத்தில் எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தது ஐசொலேட் என்ற ஒரே ஒரு வினைச்சொல். கொரோனாவுக்குப் பிறகு எல்லோரும் அதைத் ‘தனிமைப்படுத்து’ என்றே எழுதுகிறார்கள். “அளவீட்டுக்கு முன் தொட்டி தனிமைப்படுத்தப்பட்டிருப்பதை உறுதிசெய்க” என்று ஒரு வரி. எரிபொருள் தொட்டி வேலையில் இருப்பவருக்கு இதன் பொருள் வால்வை மூடு, மின் இணைப்பைத் துண்டி, பூட்டுப் போடு என்பதுதான். பாதுகாப்பு வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கையேடு சொல்வதோ வேறு. தொட்டியின் இரும்பு, அதோடு இணைந்த குழாய், எர்த்திங் கம்பி இவற்றோடு உலோகத் தொடர்பில்லாமல் இருக்கிறதா என்று பார் என்கிறது. இடையில் பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் வாஷரும் கேஸ்கெட்டும் போட்டு மின்சாரம் கடக்காமல் பண்ணியிருப்பார்கள்.

இதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை ஒரு டீசல் தொட்டியில் நேரில் பார்த்தேன். 2.5 மீட்டர் விட்டம், 5 மீட்டர் நீளம். இரண்டு மூடியையும் சேர்த்தால் வெளிப்பரப்பு 49 சதுர மீட்டர். நல்ல கோட்டிங், நாலு மெக்னீசியக் கட்டி. மைனஸ் 900-க்கு அப்பால் இருக்க வேண்டிய ரீடிங், வைத்து ஒரு வருஷத்தில் மைனஸ் 480-க்கு வந்துவிட்டது. வால்வையெல்லாம் சரியாக மூடியிருந்தார்கள், அந்த வகையில் தொட்டி நன்றாகவே தனிமையில் இருந்தது. ஆனால் பம்ப் வைக்கும்போது யாரோ மோட்டாருக்கான எர்த் பட்டையைத் தொட்டியின் மேன்ஹோல் போல்ட்டில் முடுக்கிவிட்டார்கள். பட்டையின் மறுமுனை வளாகம் முழுக்க ஓடுகிற செம்பு எர்த்திங். மெக்னீசியம் தந்த மின்னோட்டம் முழுக்கக் கோட்டிங்கில்லாத அந்தச் செம்புக்குப் போய்க்கொண்டிருந்தது, தொட்டிக்குக் கிடைத்தது சொற்பம். கட்டிகளும் காலத்துக்கு முன்பே கரைந்துகொண்டிருந்தன.

கண்டுபிடித்த விதம் சுலபம். ஹாஃப் செல்லை ஒரே இடத்தில் அசையாமல் வைத்து, மீட்டரின் சிவப்பு முள்ளை முதலில் தொட்டியிலும் பிறகு எர்த் பட்டையிலும் தொட்டோம். இரண்டும் ஒரு மில்லிவோல்ட் வித்தியாசமில்லாமல் மைனஸ் 480. மண்ணில் தனியாகக் கிடக்கும் செம்பு மைனஸ் 200 சுமாருக்குத்தான் காட்டும். இரண்டும் ஒரே எண் காட்டினால் உலோகத்தோடு உலோகம் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒயர்மேன்கள் பாஷையில் சொன்னால் “ஷார்ட் ஆயிருக்கு”. மோட்டாருக்கு எர்த் கட்டாயம் வேண்டும் என்பதால் பட்டையை வெறுமனே கழற்றவும் முடியாது. மோட்டாரின் எர்த்தை அப்படியே வைத்துக்கொண்டு, தொட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் மின்பிரிப்பு கொடுக்க வேண்டும். அதற்கான பொருளும் முறையும் மின்பாதுகாப்புப் பொறியாளர் தீர்மானிக்க வேண்டியவை. இப்படிச் செம்போடு சேர்ந்துவிட்ட தொட்டிக்கு மேலே சொன்ன 100 மில்லிவோல்ட் அளவுகோலும் செல்லாது. அது இரும்பு மட்டும் இருக்கும் இடத்துக்கானது.

ஆகவே மின்தொடர்பு பற்றிப் பேசும் இடங்களில் ‘மின்பிரிப்பு’ என்றும், வால்வை மூடச் சொல்லும் இடங்களில் ‘அடைத்துப் பூட்டு’ என்றும் நான் பிரித்துவிட்டேன். இன்சுலேஷனுக்கும் இதே கதி. ‘காப்பு’ என்று மட்டும் எழுதினால் சூடான குழாயில் சுற்றும் பஞ்சு என்று நினைத்துக்கொள்வார்கள். ‘மின்காப்பு’ என்று முழுசாக எழுதுங்கள்.

வேடிக்கையான சொற்கள் சில உண்டு, அவற்றால் குழாய்க்குச் சேதமில்லை, நமக்குத்தான் மானக்கேடு. கோட்டிங்கில் பூச்சு விட்டுப்போன ஊசிமுனைப் புள்ளியை ஆங்கிலத்தில் ஹாலிடே என்பார்கள். ‘விடுமுறையைக் கண்டறியும் கருவி’ என்று ஒருவர் எழுதியே கொடுத்தார். பெயின்ட் அடிப்பவர்கள் ‘ஹாலிடே டெஸ்ட்’ என்றே சொல்கிறார்கள்; ‘பூச்சு விடுபட்ட இடம் (ஹாலிடே)’ என்று எழுதிவிடலாம். ஃபாரின் பைப்லைன் என்றால் வெளிநாட்டுக் குழாய் இல்லை, நம் குழாய்க்குக் குறுக்கே போகிற அடுத்த கம்பெனிக் குழாய். ‘பிறர் குழாய்’ என்றால் தீர்ந்தது. சாயில் கரோஷனை ‘மண் அரிப்பு’ என்று எழுதினால் ஆற்றங்கரை இடிவதுதான் ஞாபகம் வரும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இருக்கும் ‘அரிமானம்’ நல்ல சொல், குழப்பமில்லாதது; ‘மண்ணில் ஏற்படும் அரிமானம்’ என்று எழுதுங்கள். இரும்பை மட்டும் பேசும் இடத்தில் ‘துரு’ இருக்க வேறு எதற்கு?

அசலில் ஒரு விஷயம் தலைகீழாக இருப்பது போலத் தோன்றி, நீங்களோ பிழை திருத்துபவரோ ‘சரி’ செய்துவிடக்கூடிய இடமும் ஒன்று உண்டு. பழைய குழாயில் ஒரு துண்டை வெட்டிப் புதுத் துண்டு வைத்தால், புதுசுதான் சீக்கிரம் ஓட்டையாகும் என்று கையேடு சொல்லும். எங்கள் பிழைதிருத்துநர், பாவம், ‘பழைய’ என்று மாற்றிவிட்டார். அசல்தான் சரி. பளபளக்கும் புது இரும்பு மைனஸ் 500-க்கும் மைனஸ் 800-க்கும் நடுவில் காட்டும். துருவேறிய பழைய இரும்பு மைனஸ் 200-க்கும் மைனஸ் 500-க்கும் நடுவில். இரண்டும் சேர்ந்து ஒரு மின்கலமானால் அதிக மைனஸில் இருக்கும் புதுசு ஆனோடு.

அச்சு வேலையில் மைனஸ் குறி ஒரு தனிப் போராட்டம். கீபோர்டில் இருக்கும் சிறுகோட்டை மைனஸாகப் போட்டால், வரி முடிவில் கோடு மேல்வரியிலும் 850 கீழ்வரியிலும் போய் உட்கார்ந்துவிடும். ‘-500--800’ என்று வீச்சு எழுதினால் யாருக்கும் படிக்க வராது. வாக்கியத்துக்குள் ‘மைனஸ் 850’ என்று எழுத்தால் எழுதி, அட்டவணையில் மட்டும் குறி போட்டால் பிரச்சினை இல்லை. அதைவிட மோசம் பழைய எழுத்துரு. அசல் கோப்பில் Symbol எழுத்துருவில் அடித்த கிரேக்க எழுத்துகள் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றும்போது கழன்றுவிடும். அந்த எழுத்துருவில் Ω இருக்கும் இடம் W, µ இருக்கும் இடம் m. ஓம் வாட்டானால் படிப்பவருக்கே சந்தேகம் வந்துவிடும். மைக்ரோஆம்பியர் மில்லிஆம்பியரானால் சந்தேகமே வராது, ஆயிரம் மடங்கு கூடியது மட்டும்தான் நடக்கும். நல்ல கோட்டிங் போட்ட குழாய்க்குத் தேவைப்படும் மின்னோட்டத்தைச் சதுர மீட்டருக்கு இத்தனை மைக்ரோஆம்பியர் என்றுதான் பல கையேடுகளில் கொடுத்திருப்பார்கள். அலகுகளை ஒவ்வொன்றாக அசலோடு வைத்துச் சரிபார்க்க ஒரு நாள் ஒதுக்குங்கள்.

வரைவு முடிந்ததும் அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். பிளாஸ்டிக் வாளியில் ஈர மணலைக் கொட்டி, அதில் ஒரு இரும்புத் தகடும் ஒரு துத்தநாகப் பட்டையும் புதைத்து, ஹாஃப் செல்லையும் மீட்டரையும் பக்கத்தில் வையுங்கள். இந்த வேலைக்குப் புதிதாக வந்த ஒரு தம்பியிடம் உங்கள் தமிழ்ப் பக்கத்தை மட்டும் கொடுத்து, வாய்விட்டுப் படித்துக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பேசாதீர்கள். முதலில் இரும்பின் ரீடிங், பிறகு துத்தநாகத்தோடு இணைத்ததும் ரீடிங். பூஜ்யத்தை விட்டு விலகியதா என்று அவர் தானாகப் பார்த்துச் சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

நாங்கள் இரண்டாவது வரைவை இப்படி ஓட்டியபோது அந்தத் தம்பி இணைப்பெல்லாம் சரியாகக் கொடுத்து, ரீடிங்கும் சரியாகச் சொன்னார். அடுத்த பக்கத்தில் “ஹாஃப் செல்லைத் தொலைதூரப் பூமியில் வைக்கவும்” என்ற வரியில் நின்றுவிட்டார். “எவ்ளோ தூரம்ணே?” என்றார். ஆனோடும் குழாயும் மண்ணில் உண்டாக்கும் மின்விளைவு எட்டாத அளவுக்குத் தள்ளி, ஹாஃப் செல்லை இன்னும் நகர்த்தினாலும் ரீடிங் மாறாத இடம் என்று விளக்கினேன். “அப்போ அதையே எழுதிடலாமே” என்றார். அந்த வரி இப்போது “ஹாஃப் செல்லைத் தள்ளித் தள்ளி வைத்துப் பாருங்கள்; ரீடிங் மாறாமல் நிற்கும் இடத்தில் வையுங்கள்” என்று இருக்கிறது.